பியூரிஃபையர் போட்டோ அனுப்பும் முன்

தண்ணீர் பியூரிஃபையர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் வரும் படங்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரிதான் இருக்கும். சமையலறைச் சுவர், அதில் மாட்டிய மெஷின், நேராக முன்னால் நின்று எடுத்த படம். கீழே ஒரு வரி: "இதுக்கு ஃபில்டர் என்ன விலை?"

அந்தப் படத்தை வைத்து எனக்குத் தெரிவது கொஞ்சம்தான். டேங்க் சுமார் எத்தனை லிட்டர், கரண்டில் ஓடுகிறதா, வெளியே தனியாக ப்ரீ ஃபில்டர் தொங்குகிறதா என்பது வரைக்கும் சொல்லலாம். எந்த கார்ட்ரிட்ஜ் வாங்க வேண்டும் என்பதை மட்டும் சொல்ல முடியாது. காரணம், முன்பக்கம் நாம் பார்ப்பது வெறும் பிளாஸ்டிக் கூடு. நம் ஊர்ச் சந்தையில் ஆர்ஓ கேபினெட் காலியாகவே கிடைக்கிறது. அதை வாங்கி, பம்ப் ஒரு இடத்தில், உப்பை வடிக்கும் மெம்ப்ரேன் ஒரு இடத்தில், அடாப்டர் இன்னொரு இடத்தில் வாங்கி உள்ளே பொருத்தி, மேலே ஒரு பெயரை ஒட்டி விற்கிறார்கள். இதை 'அசெம்பிள்டு' மெஷின் என்போம். ஒரே கூடு பல பெயர்களில் இருக்கும். ஒரே பெயரில் உள்ளே வேறு வேறு சாமான் இருக்கும்.

அதனால்தான் படத்தைப் போட்டு இணையத்தில் தேடுகிறவர்கள் ஏமாறுகிறார்கள். தேடல், கூட்டின் வடிவத்தைச் சரியாகவே கண்டுபிடித்துக் கொடுத்துவிடும். அந்தப் பக்கத்தில் 'முழு சர்வீஸ் கிட்' என்று ஒன்று இருக்கும். கூடு ஒன்றாக இருப்பதால் உள்ளேயும் ஒன்றாக இருக்கும் என்று நம்பி ஆர்டர் போட்டுவிடுவார்கள். பெட்டியைப் பிரித்த பிறகுதான் முனை சேராது, நீளம் பொருந்தாது என்று தெரியும்.

பெரிய கம்பெனி மெஷின் என்றால் கதை வேறு. அங்கே கூடு அந்தக் கம்பெனிக்கே உரியது. ஆனாலும் முன்பக்கப் படம் போதாது. ஒரே மாடல் பெயரில் ஆர்ஓ மட்டும் உள்ளது, ஆர்ஓவோடு யுவி சேர்ந்தது, டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோல் வைத்தது என்று வகைகள் இருக்கும். முகப்பு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். சில கம்பெனி மெஷின்களில் கார்ட்ரிட்ஜைத் திருகிப் பூட்டும் அமைப்பு இருக்கும். கால் சுற்று திருப்பினால் கையோடு வந்துவிடும். அந்தத் தலைப்பகுதியின் பள்ளமும் மேடும் அந்தக் கம்பெனிக்கு மட்டுமே உரியவை. அதற்குப் பொது அளவில் வரும் வெளிச்சந்தை ஃபில்டரை மாட்ட முடியாது. அங்கே நமக்கு வேண்டியது கார்ட்ரிட்ஜின் மேலேயே அச்சிட்டிருக்கும் பாக எண். அது கிடைத்துவிட்டால் மற்ற எந்தப் படமும் தேவையில்லை.

சரி, பாக எண் இல்லாத மெஷினுக்கு என்ன செய்வது? சமீபத்தில் வந்த ஒரு படத்தை எடுத்துக்கொள்கிறேன். இதில் வரவேண்டிய சிக்கல் எல்லாமே வந்தது.

பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு பெண், திருச்சியில் தனியாக இருக்கும் அப்பா வீட்டு மெஷினின் படத்தை அனுப்பியிருந்தார். வெள்ளைக் கூடு, நீல நிறத்தில் உள்ளே தெரியும் டேங்க், பக்கத்தில் சுவரில் வெள்ளை ப்ரீ ஃபில்டர். "அண்ணா, தண்ணி ரொம்ப மெதுவா ரொம்புதாம். ராத்திரி போட்டா காலையிலதான் டேங்க் நிறையுதாம். நெட்டுல இதே மெஷினுக்கு மெம்ப்ரேனோட சேத்து ஒரு கிட் இருக்கு, வாங்கிடவா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் பொறுங்கம்மா, முதல்ல ஸ்டிக்கரைப் பார்ப்போம்" என்றேன்.

ஸ்டிக்கர் என்று நான் சொல்வது முன்னால் மினுக்கும் பெயரை அல்ல. மாடல், சீரியல் எண், வோல்ட், டேங்க் அளவு, தயாரித்த மாதம் வருடம் எல்லாம் பொடி எழுத்தில் இருக்கும் சின்னத் தாள். அது பெரும்பாலும் பின்பக்கம், பக்கவாட்டு, அடிப்பாகம், இல்லையென்றால் மேல்மூடியைத் திறந்தால் உள்சுவர் என்று இந்த நான்கில் ஓரிடத்தில் இருக்கும். சுவரில் மாட்டிய மெஷினைக் கழற்ற வேண்டியதில்லை. போனை வீடியோவில் போட்டு, மெஷினுக்கும் சுவருக்கும் இடையே மெதுவாக நகர்த்தினால் போதும். ஃபிளாஷ் போட்டு நேராக எடுத்தால் பளபளப்பான தாளில் வெள்ளையடித்து எழுத்து மறைந்துவிடும். ஃபிளாஷை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கத்திலிருந்து சாய்வாகக் காட்டி எடுக்க வேண்டும்.

படத்தோடு, எழுத்தை வாயால் படித்தும் சொல்லச் சொல்வேன். மங்கிய ஸ்டிக்கரில் ஆங்கில எழுத்து ஓவும் சுழியமும் ஒன்றுபோலத் தெரியும்; பியும் எட்டும் குழப்பும். படம், குரல் இரண்டும் ஒத்துப்போனால்தான் எண்ணை நம்பலாம்.

அந்த அப்பாவின் மெஷினில் ஸ்டிக்கர் பக்கவாட்டில் கிடைத்தது. ஆனால் அதில் கம்பெனி பெயரும் இல்லை, மாடலும் இல்லை. 24 வோல்ட் டிசி, டேங்க் 8 லிட்டர், 75 ஜிபிடி, அதாவது நாளுக்கு 75 கேலன். அவ்வளவுதான். இதுவே ஒரு பதில். இது அசெம்பிள்டு மெஷின். இதற்கென்று தனி கிட் எதுவும் கிடையாது. உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாகப் பார்த்து வாங்க வேண்டும். ஒரு வகையில் இது நல்ல செய்தி. இப்படிப்பட்ட மெஷினில் போடுவது பொதுவான அளவுச் சாமான்கள்தான். எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும்.

அடுத்து மூடியைத் திறந்து உள்பக்கம் முழுவதும் தெரியும்படி ஒரு படம் கேட்டேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எந்த டியூபையும் தொடாமல் எடுக்க வேண்டும். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படம். எதையாவது கழற்றிவிட்டு எடுத்தால் எந்தக் குழாய் எங்கே போனது என்ற தகவல் அழிந்துவிடும்.

ஏன் குழாய் அவ்வளவு முக்கியம் என்றால், செடிமென்ட், கார்பன், போஸ்ட் கார்பன் எல்லாமே இந்த வகை மெஷினில் வெள்ளை உருளைகள். இன்லைன் ஃபில்டர் என்போம். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. செடிமென்ட் மண்ணையும் துருவையும் பிடிக்கிறது. கார்பன் குளோரினை எடுக்கிறது. மெம்ப்ரேனின் மெல்லிய படலத்தைக் குளோரின் அரித்துவிடும், அதனால் கார்பன் அதற்கு முன்னால் இருந்தே ஆக வேண்டும். போஸ்ட் கார்பன் மெம்ப்ரேனைத் தாண்டி, கடைசியில் சுவைக்காக வைப்பது. மேலே ஒட்டிய தாள் ஈரத்தில் உரிந்துபோயிருந்தால் எது எது என்று சொல்ல ஒரே வழி, குழாயைப் பின்தொடர்வதுதான்.

அந்தப் படத்தில் மெம்ப்ரேன் உருளை தவிர மூன்று உருளைகள் இருந்தன. ஒன்றில் செடிமென்ட் என்ற தாள் தெளிவாக இருந்தது. மற்ற இரண்டும் மொட்டை. மெம்ப்ரேன் இருக்கும் நீள உருளையை முதலில் கண்டுபிடித்தேன். அதன் ஒரு முனையில் ஒரே ஒரு குழாய் நுழையும், மறுமுனையிலிருந்து இரண்டு குழாய் வெளியேறும். ஒற்றைக் குழாய் பக்கம் அழுக்குத் தண்ணீர் உள்ளே வரும் பக்கம். இரண்டில் நடுவில் இருப்பது நல்ல தண்ணீர், ஓரத்தில் இருப்பது வெளியேற்றும் தண்ணீர். நடுக்குழாயைப் பிடித்துக்கொண்டு போனால் மொட்டை உருளைகளில் ஒன்றுக்குள் நுழைந்து, அங்கிருந்து டேங்குக்குப் போனது. அப்போது அது போஸ்ட் கார்பன். மீதமிருந்த மொட்டை உருளை, செடிமென்டுக்கும் மெம்ப்ரேனுக்கும் இடையில் இருந்தது. அது கார்பன்.

இதில் ஒரு இடத்தில் இரண்டு குழாய் ஒன்றையொன்று தாண்டிப் போனதால் படத்தில் எது எது என்று பிரிக்க முடியவில்லை. அவருடைய அப்பாவிடம், "ஐயா, அந்த ரெண்டு டியூப்ல ஒண்ணை மட்டும் லேசா அசைச்சு வீடியோ எடுங்க" என்று கேட்டேன். அசைந்த குழாயின் மறுமுனை எங்கே ஆடுகிறது என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது.

எது எது என்று தெரிந்த பிறகு, முனை. இன்லைன் ஃபில்டரின் முனை இரண்டு வகை. ஒன்றில் குழாயை நேராகச் செருகினால் பிடித்துக்கொள்ளும். வாயில் ஒரு சின்ன வளையம் இருக்கும், அதை அழுத்திப்பிடித்து இழுத்தால்தான் குழாய் வெளியே வரும். இன்னொன்றில் ஃபில்டர் முனையில் மரை மட்டும் இருக்கும். அதில் எல்போ என்ற வளைந்த இணைப்பை டெஃப்லான் டேப் சுற்றித் திருகி, அதற்குள் குழாயைச் செருக வேண்டும். பிரச்சினை என்னவென்றால், மரை வகையிலும் எல்போ திருகிய பிறகு வெளியே தெரிவது அதே வளையம்தான். தூரத்துப் படத்தில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். அதனால் முனையை மட்டும் கிட்டப் போய், பக்கவாட்டில் எடுத்த படம் வேண்டும். வளையத்துக்கும் ஃபில்டர் மூடிக்கும் நடுவே வெள்ளை டேப்பின் நுனியோ மரையின் ஒன்றிரண்டு சுற்றோ எட்டிப்பார்த்தால் அது மரை வகை. வளையம் ஃபில்டர் மூடியோடே பிறந்தது போல் ஒட்டி இருந்தால் செருகும் வகை.

திருச்சி மெஷினில் இருந்தது மரை வகை. நெட்டில் அந்தப் பெண் பார்த்த கிட்டில் இருந்தது செருகும் வகை. குழாய் கால் இஞ்ச்தான் என்பதால் எப்படியாவது சமாளித்து மாட்டிவிடலாம். ஆனால் எல்போ வளைத்துக் கொடுத்த திருப்பம் இல்லாமல் குழாய் மடங்கும். மடங்கிய இடத்தில் தண்ணீர் குறையும். ஏற்கெனவே மெதுவாக நிறைகிறது என்ற புகாரோடு இருக்கும் மெஷினில் அதைச் செய்யக் கூடாது.

வெளியே தொங்கும் ப்ரீ ஃபில்டருக்கு வருகிறேன். அதன் கிண்ணத்துக்குள் இருப்பது ஸ்பன் என்ற வெள்ளை இழை உருளை. பொதுவாகப் பத்து இஞ்ச் என்று கேட்டு வாங்குவார்கள். உண்மையில் அளந்தால் ஒன்பதே முக்கால் இஞ்ச் அளவில், அதாவது ஏறக்குறைய 248 மில்லிமீட்டர் வரும். விட்டம் இரண்டரை இஞ்ச். அளந்து பார்த்துவிட்டு "பத்து இல்லையே, வேற சைஸ் போல" என்று குழம்ப வேண்டாம். இதே போல இன்னும் குண்டாக, நாலரை இஞ்ச் விட்டத்தில் 'ஜம்போ' என்றும், இருபது இஞ்ச் நீளத்தில் ஒன்றும் உண்டு. படத்தில் தனியாகப் பார்த்தால் குண்டு எது, ஒல்லி எது என்று சொல்ல முடியாது. பக்கத்தில் அளவு தெரிந்த ஒரு பொருள் வேண்டும்.

தையல் டேப் இருந்தால் நல்லது. இல்லையென்றால் பத்து ரூபாய் நாணயம்; அதன் விட்டம் 27 மில்லிமீட்டர். ஆனால் நாணயம் பொருளின் அதே தூரத்தில் இருக்க வேண்டும். உருளையைத் தரையில் படுக்கவைத்து, நாணயத்தைத் தரையில் போட்டு மேலிருந்து எடுத்தால், உருளையின் அகலம் கேமராவுக்குக் கிட்ட இருப்பதால் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். ஸ்பன்னை நட்டுவைத்து, அதன் தலைமேல் நாணயத்தை வைத்து நேர் மேலிருந்து எடுத்தால் விட்டம் சரியாக வரும். இந்த முறையில் ஒல்லிக்கும் ஜம்போவுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தாராளமாகக் கண்டுபிடிக்கலாம். நான்கைந்து மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க இது உதவாது.

மெம்ப்ரேனில் அந்தச் சின்ன வித்தியாசம்தான் இருக்கிறது. வீட்டு மெஷின்களில் போடுவது பெரும்பாலும் 1812 அல்லது 2012 என்ற அளவு. முதல் இரண்டு எண் விட்டம், அடுத்த இரண்டு நீளம்: 1.8 இஞ்ச் விட்டம், 12 இஞ்ச் நீளம் என்று படிக்க வேண்டும். அதன் பிறகு வருவது ஒரு நாளைக்கு எத்தனை கேலன் என்ற ஜிபிடி. மெம்ப்ரேன் மேல் ULP1812-75 என்று இருந்தால், 75 கேலன், அதாவது நாளுக்கு 284 லிட்டர். மணிக்குப் பன்னிரண்டு லிட்டர் வரை. அதுவும் ஆய்வகத்தில் வைத்துப் பார்த்த கணக்கு. உப்பு அதிகமான போர் தண்ணீரில் அதைவிடக் குறையும்.

இந்த எண் மெம்ப்ரேனின் மேலேதான் அச்சிட்டிருக்கும், அது இருக்கும் வெளி உருளையில் இருக்காது. வெளி உருளையைப் பார்த்தால் 75க்கும் 100க்கும் வித்தியாசம் தெரியாது. ஆகவே மெம்ப்ரேனைப் படத்தில் அடையாளம் காண வேண்டுமென்றால், உருளையின் மூடியை ஸ்பேனர் போட்டுத் திறந்து அதை வெளியே இழுத்தே ஆக வேண்டும். ஸ்டிக்கரில் 75 ஜிபிடி என்று இருக்கிறதே என்று கேட்கலாம். அது மெஷின் விற்ற நாளின் கணக்கு. நடுவில் யாராவது மெக்கானிக் 100 போட்டிருந்தால் ஸ்டிக்கருக்கு அது தெரியாது. பெரிய மெம்ப்ரேன் போட்டால் வேகமாக நிறையும் என்று சிலர் கேட்டு வாங்குகிறார்கள். வெளியேற்றும் குழாயில் ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டர் என்று சின்னதாக ஒன்று இருக்கும். அதில் உள்ள எண் நிமிடத்துக்கு எத்தனை மில்லி வெளியேறலாம் என்பது. மெம்ப்ரேனை மாற்றினால் அதையும், பம்பின் திறனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இங்கே நான் அந்தப் பெண்ணிடம் சொன்னது, "மெம்ப்ரேனைத் திறக்கவே வேண்டாம்மா, முதல்ல டிடிஎஸ் பார்த்துச் சொல்லச் சொல்லுங்க."

மெம்ப்ரேன் கெட்டதா என்பதற்குப் படம் பதில் சொல்லாது, டிடிஎஸ் மீட்டர் சொல்லும். பேனா அளவு கருவி, சில நூறு ரூபாய். ஆனால் அளப்பதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். மெஷின் பல மணி நேரம் சும்மா இருந்துவிட்டு ஓடத் தொடங்கும்போது முதலில் வரும் தண்ணீரில் உப்பு கூடுதலாக இருக்கும். ஐந்தாறு நிமிடம் ஓடவிட்டு, மெம்ப்ரேனிலிருந்து வரும் நடுக்குழாய்த் தண்ணீரைப் பிடிக்க வேண்டும். இரண்டாவது, டிடிஎஸ் கன்ட்ரோலர் உள்ள மெஷினில் மெம்ப்ரேனைத் தாண்டாத தண்ணீரையும் கொஞ்சம் கலந்துதான் டேங்குக்கு விடுகிறது. அங்கே குடிக்கும் குழாயில் பிடித்து அளந்தால் நல்ல மெம்ப்ரேன்கூடக் கெட்டதுபோலக் காட்டும். உள்படத்தில், மெம்ப்ரேனுக்கு முன்னும் பின்னும் உள்ள குழாய்களை இணைத்தபடி சின்னத் திருகு வைத்த வால்வு தெரிந்தால் அதுதான் கன்ட்ரோலர். திருச்சி மெஷினில் அது இல்லை.

பக்கத்து வீட்டுப் பையன் மீட்டரோடு வந்து அளந்து சொன்னான். உள்ளே போகும் தண்ணீர் 820, வெளியே வருவது 45. நூற்றுக்குத் தொண்ணூற்று நாலுக்கு மேல் உப்பைப் பிடிக்கிறது. இந்த மெம்ப்ரேனை மாற்றச் சொல்ல எனக்கு மனம் வராது. உப்பை நன்றாகப் பிடித்துக்கொண்டு தண்ணீரை மட்டும் குறைவாகத் தருகிறது என்றால், ஒன்று மெம்ப்ரேனில் உப்புப் படிந்திருக்கலாம், அல்லது அதற்கு வந்து சேரும் தண்ணீரே குறைவாக இருக்கலாம். மலிவானதை முதலில் பார்க்க வேண்டும்.

ப்ரீ ஃபில்டர் கிண்ணத்தைத் திறந்து ஸ்பன்னைப் படமெடுக்கச் சொன்னேன். முதலில் சுவரிலிருந்து வரும் குழாயை மூட வேண்டும், இல்லையென்றால் சமையலறை நனையும். வந்த படத்தில் ஸ்பன் செங்கல் நிறத்தில் இருந்தது. மேலே மட்டும் பழுப்பாக இருந்தால் இன்னும் கொஞ்ச நாள் ஓடும். வெட்டுமுகத்தில், நடு ஓட்டை வரைக்கும் நிறம் இறங்கியிருந்தால் மண் அதைத் தாண்டி அடுத்த ஃபில்டருக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். இதில் ஓட்டை வரைக்கும் இறங்கியிருந்தது.

ஆகக் கடைசியில் நான் எழுதிக் கொடுத்த பட்டியல் சின்னது. பத்து இஞ்ச் ஒல்லி ஸ்பன், ஐந்து மைக்ரான், ஒன்று. மரை முனையுள்ள இன்லைன் செடிமென்ட் ஒன்று, கார்பன் ஒன்று, இரண்டும் பழையதன் நீளத்திலேயே. கிளிப்பில் உட்கார வேண்டும் அல்லவா. எல்போ நான்கு, ஒரு டெஃப்லான் டேப். பழைய எல்போவைக் கழற்றி மறுபடி போடலாம்தான், ஆனால் பழைய பிளாஸ்டிக் திருகும்போது விரிசல் விடும். போஸ்ட் கார்பனும் மெம்ப்ரேனும் பட்டியலில் இல்லை. அந்தப் பெண் பார்த்த கிட்டில் அவை இரண்டும் இருந்தன. கிட்டின் விலையில் பெரும்பங்கு மெம்ப்ரேனுக்குத்தான்.

சாமான் வந்ததும், மாட்டும் முன் ஒரு படம் அனுப்பச் சொன்னேன். பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில், இரண்டிலும் தண்ணீர் போகும் திசையைக் காட்டும் அம்புக்குறி தெரியும்படி. நீளம், முனை, அம்பு மூன்றும் ஒத்திருந்தால் மாட்டலாம். புதிய கார்பனை மாட்டியதும் அதன் வெளிக்குழாயை மெம்ப்ரேனோடு சேர்க்காமல் ஒரு வாளியில் விட்டு, கறுப்புத் தண்ணீர் தெளியும்வரை ஓடவிட வேண்டும். அந்தக் கரித்தூள் மெம்ப்ரேனுக்குள் போகக் கூடாது.

அந்த அப்பா பக்கத்து வீட்டுப் பையனை வைத்தே எல்லாவற்றையும் மாட்டிவிட்டார். காலி டேங்க் ஒன்றேகால் மணி நேரத்தில் நிறைந்தது என்று மறுநாள் சொன்னார். "மெம்ப்ரேன் எப்ப மாத்தணும் தம்பி?" என்று கேட்டார். மாதம் ஒருமுறை அதே நடுக்குழாயில் அளந்து எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். உள்ளே வரும் தண்ணீர் அதே 820 அளவில் இருக்கும்போது வெளியே 45 என்பது நூறைத் தாண்டி ஏறத் தொடங்கினால், அன்றைக்கு அந்த மூடியைத் திறந்து மெம்ப்ரேன் மேலுள்ள எண்ணைப் படமெடுத்து அனுப்புவார்.